டீசல் செலவில் ஒரு 8: நிலாவெளி விடுதி ஒன்றின் ஓகஸ்ட் கணக்கு

செப்டெம்பர் முதல் வாரம், சனிக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். உவர்மலையில் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. நிலாவெளியில் 18 அறைகள் கொண்ட ஒரு விடுதியின் ஓகஸ்ட் மாத அறிக்கை: திட்டமிட்டது இவ்வளவு, நடந்தது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு, அது எத்தனை வீதம். முதலாளி வெள்ளவத்தையில் இருக்கிறார். மனேஜர் எடுத்த போட்டோவை அவர் அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தார், கீழே ஒரு வரி: "தம்பி, இதில பெரிசா இடிக்கிறது எது எண்டு மட்டும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

முதலில் கோப்பைத்தான் கேட்டேன். கணக்கு எழுதும் பிள்ளை மூதூருக்கு வீட்டுக்குப் போய்விட்டாள், கணினியின் கடவுச்சொல் அவளிடம்தான் இருக்கிறது, திங்கள்தான் வருவாள், முதலாளிக்கோ ஞாயிறு காலை பங்காளியுடன் பேச்சு. ஆக கையில் இருந்தது அந்த ஒரு போட்டோதான். நடுவில் மடித்துத் திறந்த தாள், மேலே டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு, பிரிண்டரில் மை குறைந்து எழுத்துகள் பொட்டுப் பொட்டாக, வலது ஓரத்தில் வீதம் போட்ட பத்தி பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அன்று இரவு ஒரு பிழை விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தப்பாக வாசித்த ஒரு எண் தனியாக வந்து நின்றிருந்தால் உடனே பிடித்திருப்பேன். அது பக்கத்து வரியில் இருந்த வேறொரு பிழைக்கு அழகான விளக்கமாக வந்து பொருந்திவிட்டது.

செலவு வரிகள் ஏழுதான். எக்செலில் `Data > From Picture` கொடுத்துப் பார்த்தேன், மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரிகளை ஒன்றாக்கியது, வித்தியாசப் பத்தியில் இருந்த அடைப்புக்குறிகளில் பாதியை விட்டுவிட்டது. ஏழு வரிக்கு அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடக் கையால் அடிப்பது சுகம் என்று அடித்தேன். மின்சாரம்: திட்டம் 620,000, நடந்தது 251,300. அடுத்த வரி ஜெனரேட்டர் டீசல்: திட்டம் 140,000, நடந்தது 181,400. கரண்ட் செலவு ஏறக்குறைய 60 வீதம் குறைவு, டீசல் 30 வீதம் கூட. இதைப் பார்த்த எவருக்கும் ஒரு கதை தோன்றும், எனக்கும் தோன்றியது: கரண்ட் அடிக்கடி போயிருக்கிறது, ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். அப்படியே முதலாளிக்கு எழுதியும் விட்டேன். அவரும் "ஓமோம், அப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

அனுப்பிய பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இந்த மாதிரி அறிக்கையில் ஒவ்வொரு எண்ணும் குறைந்தது இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். குறுக்கே பார்த்தால் திட்டத்திலிருந்து நடந்ததைக் கழித்தால் வித்தியாசம் வர வேண்டும், நெடுக்கே பார்த்தால் ஏழு வரிகளையும் கூட்டினால் அடியில் அச்சான மொத்தம் வர வேண்டும். போட்டோ எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்த இரண்டு கணக்கும் நாம் சரியாக வாசித்தோமா என்று காட்டிக்கொடுத்துவிடும். நான் போட்டது இவ்வளவுதான் (B திட்டம், C நடந்தது, D தாளில் அச்சான வித்தியாசம், செலவுகள் 5ஆம் வரியிலிருந்து 11 வரை, 12இல் அச்சான மொத்தம்):

```
E5:  =B5-C5
F5:  =ABS(E5)-ABS(D5)
C13: =SUM(C5:C11)-C12
```

F பத்தி முழுக்க 0 வர வேண்டும், C13உம் 0 வர வேண்டும். எனக்கு C13இல் 50,000 வந்தது. F பத்தியில் ஆறு வரிகள் சுத்தமாக இருந்தன, டீசல் வரியில் மட்டும் 32,800.

இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையே என்று கொஞ்சம் குழம்பினேன். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. F பத்தியில் நான் வேண்டுமென்றே கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காமல் அளவை மட்டும் ஒப்பிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தாளில் செலவு கூடிப்போனால் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள், மை குறைந்த பிரிண்டரில் முதலில் மறைவது அந்த மெல்லிய அடைப்புக்குறிதான். நான் அடித்தபடி டீசல் 41,400 கூட, தாளில் அச்சானது 8,600. குறியைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று பாதகம், மற்றது சாதகம், இடைவெளி 41,400 உம் 8,600 உம் சேர்ந்து 50,000. அடி மொத்தம் சொன்ன அதே தொகை. இரண்டும் ஒரே வரியைக் கைகாட்டின.

50,000 என்ற தொகையே ஒரு துப்பு. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருந்தால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும், 50,000 வகுபடாது, ஆகவே இடமாற்றம் இல்லை. 5க்குப் பின்னால் வெறும் பூச்சியங்கள் என்றால் ஒரே ஒரு இலக்கம் ஐந்தால் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படித் தப்பும் சோடிகளில் அடிக்கடி மாட்டுவது 3உம் 8உம்தான், 3இன் இடது பக்கத் திறப்பை வெளிச்சமோ மடிப்போ மூடிவிட்டால் அது 8. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மடிப்புக் கோடு சரியாக அந்த இலக்கத்தின் மேல் போயிருந்தது. மனேஜரிடம் அந்த வரியை மட்டும் கிட்ட வைத்து, லைட்டை விட்டுத் தள்ளி நின்று இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். "அது 131 அண்ணா" என்று படத்துக்கு முன்னால் பதில் வந்தது. 131,400. டீசல் கூடவில்லை, 8,600 குறைந்திருந்தது.

அவ்வளவுதான், ஜெனரேட்டர் கதை விழுந்துவிட்டது. கரண்ட் வரி மட்டும் 368,700 ரூபாய் மிச்சத்தோடு விளக்கமில்லாமல் நின்றது.

உண்மையில் 181,400 சரியான எண்ணாக இருந்திருந்தாலும் அந்தக் கதையை நான் நம்பியிருக்கக் கூடாது. ஜெனரேட்டரில் ஒரு யூனிட் எடுப்பது லைன் கரண்டில் எடுப்பதைவிடச் செலவு கூடியது. மூன்றரை இலட்சத்துக்கு மேல் கரண்ட் பில் குறையும் அளவுக்கு ஜெனரேட்டர் ஓடியிருந்தால் டீசல் 41,400 ஆல் கூடி நிற்காது, பல மடங்கு ஏறியிருக்கும். இரண்டு வரிகளும் எதிர்த்திசையில் போனதைப் பார்த்தேனே தவிர எவ்வளவு தூரம் போயின என்று பார்க்கவில்லை.

திருத்திய பிறகு தாள் இப்படி இருந்தது. முதல் இரண்டும் வருமானம், மீதி செலவு, கழித்தல் குறி எல்லா இடத்திலும் 'நமக்குப் பாதகம்' என்பதைக் காட்டுகிறது.

| | திட்டம் | நடந்தது | வித்தியாசம் | வீதம் |
|---|---|---|---|---|
| அறை வருமானம் | 5,880,000 | 5,481,000 | −399,000 | 6.8 |
| சாப்பாட்டு வருமானம் | 2,100,000 | 1,890,000 | −210,000 | 10.0 |
| சம்பளம் | 1,450,000 | 1,487,500 | −37,500 | 2.6 |
| சமையல் பொருள் கொள்வனவு | 840,000 | 852,600 | −12,600 | 1.5 |
| மின்சாரம் | 620,000 | 251,300 | 368,700 | 59.5 |
| ஜெனரேட்டர் டீசல் | 140,000 | 131,400 | 8,600 | 6.1 |
| சலவை | 336,000 | 309,960 | 26,040 | 7.8 |
| முன்பதிவுத் தளங்களின் தரகு | 529,200 | 493,290 | 35,910 | 6.8 |
| பழுதுபார்ப்பு | 180,000 | 412,000 | −232,000 | 128.9 |

வருமானம் காட்டும் இரண்டு வரிகளுக்கும் கழித்தலைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், அங்கே நடந்ததிலிருந்து திட்டத்தைக் கழிக்க வேண்டும். ஒரே சூத்திரத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட்டு வருமானம் குறைந்ததைச் சாதகம் என்று எழுதி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைப்புக்குறி தெளிவாகத் தெரிந்தாலும் குறியைப் போட்டோவிலிருந்து எடுக்காதீர்கள், இரண்டு எண்ணையும் எடுத்துக் குறியை நீங்களே கணக்கிடுங்கள்.

அடுத்த கேள்வி, எது பெரிய வித்தியாசம்? வீதத்தை மட்டும் வைத்தால் சின்னச் சின்ன வரிகள் எல்லாம் கத்தும், தொகையை மட்டும் வைத்தால் பெரிய வரிகள் ஒவ்வொரு மாதமும் கத்தும். ஆகவே பலர் இரண்டையும் சேர்த்து, 10 வீதத்துக்கும் மேல், 50,000 ரூபாய்க்கும் மேல் என்று ஒரு கோடு போடுவார்கள். இந்த விடுதியிலும் அதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கோட்டில் அறை வருமானம் தப்பிவிடுகிறது: 399,000 ரூபாய் போயிருக்கிறது, 6.8 வீதம்தான் என்பதால் அடையாளம் விழாது. ஏழு மில்லியன் வருமானம் உள்ள இடத்தில் நாலு இலட்சத்தை அப்படி விட முடியாது. அதனால் தனித் தொகைக் கோடு ஒன்றையும் சேர்த்தேன்:

```
G5: =IF(OR(ABS(E5)>=200000,
     AND(ABS(E5)>=50000,ABS(E5)>=0.1*B5)),"பார்","")
```

வீதத்துக்கு வகுக்காமல் 0.1ஆல் பெருக்கியிருப்பது திட்டத்தில் பூச்சியம் இருக்கும் வரிகளுக்காக. திட்டமிடாத செலவுக்கு வீதம் கிடையாது, வகுத்தால் எக்செல் பிழை காட்டிவிட்டுப் போய்விடும், பார்க்க வேண்டிய வரிகளில் அதுதான் முதல் வரி. 200,000 என்பது எங்கும் எழுதிய சட்டம் இல்லை. இந்த விடுதி மாதம் ஏறக்குறைய 3.9 மில்லியன் இலாபம் திட்டமிடுகிறது, அதில் இருபதில் ஒரு பங்கு போனால் முதலாளிக்கு உறைக்கும் என்று நான் வைத்தது.

நாலு வரிகளில் 'பார்' விழுந்தது: அறை, சாப்பாட்டு வருமானம், மின்சாரம், பழுதுபார்ப்பு. செலவுகளில் தொகையில் பெரியது மின்சாரம், அதுவும் சாதகம். சாதகமான பெரிய வித்தியாசத்தை மக்கள் ஏனோ கேள்வி கேட்பதில்லை, மிச்சம்தானே என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முதல் சந்தேகம். ஓகஸ்ட் இங்கே நல்ல சீசன், வெயில் கொளுத்தும், வருகிற ஆள் ஏசியை இரவு பகலாகப் போடுவான். அந்த மாதத்தில் கரண்ட் 60 வீதம் குறைய ஒரு வழியும் இல்லை. கூட்டிப் பார்த்ததெல்லாம் தாளில் இருப்பதை நான் சரியாக வாசித்தேன் என்பதற்குத்தான் சாட்சி. தாளில் இருப்பது உண்மையா என்பது அதில் தெரியாது. ஆகவே மனேஜருக்கு நேரே போன் எடுத்தேன்.

"தம்பி, உங்கட இடத்தில கரண்ட் மீட்டர் எத்தனை?"

"ரெண்டு அண்ணா. அறைப் பக்கம் ஒண்டு, சமையலறையும் பம்பும் ஒண்டு."

"ஓகஸ்ட்டுக்கு ரெண்டு பில்லும் வந்ததா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு லாச்சியை இழுக்கும் சத்தம் கேட்டது. அறைப் பக்கத்துப் பில் லாச்சிக்குள்தான் இருந்தது, 402,600 ரூபாய். காசு இன்னும் கட்டவில்லை என்பதால் கணக்குப் பிள்ளையிடம் கொடுக்கவில்லை, கட்டிய பிறகு கொடுப்பதுதானே என்று நினைத்திருக்கிறார். காசு போகும் நாளில் செலவு எழுதும் வீட்டுக் கணக்குப் பழக்கம் இது, மாத அறிக்கையைக் கெடுப்பதில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். சேர்த்தால் மின்சாரம் 653,900. மூன்றரை இலட்சத்துக்கு மேல் மிச்சம் என்று நின்ற வரி 33,900 கூடிய வரியாக மாறிவிட்டது, 5.5 வீதம், அடையாளம் போட வேண்டிய அளவே இல்லை.

அந்த ஒரு பில்லால் இலாபம் எங்கே போகிறது என்று பாருங்கள். அச்சான தாளின்படி இலாபம் 3,432,950, திட்டத்தைவிட 451,850 குறைவு. பில்லைச் சேர்த்தால் 3,030,350, குறைவு 854,450. முதலாளி ஞாயிறு காலை பங்காளியிடம் சொல்லவிருந்த எண்ணில் நாலு இலட்சம் பிழை.

பழுதுபார்ப்பும் அறை வருமானமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஏசி வெளிப்பெட்டிகள் இரண்டு உப்புக்காற்றில் அரித்து வேலை செய்யவில்லை, கடற்கரையை ஒட்டிய இடங்களில் இது தெரிந்த கதைதான். அந்த இரண்டு அறைகளையும் ஓகஸ்ட்டில் 21 நாள் மூடியிருந்தார்கள். பழுதுபார்ப்புத் திட்டம் 180,000 என்பது வருடத் தொகை 2,160,000ஐ 12ஆல் வகுத்தது, கண்ணை மூடிக்கொண்டு வகுத்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறை வருமானத்தை அவர்களே சீசன் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். இந்தக் கரையில் பெரிய திருத்தவேலைகளை மாரிக்குள், ஆள் இல்லாத மாதங்களில் செய்வார்கள், திட்டமும் அங்கேதான் கனமாக இருக்க வேண்டும். அதனால் 128.9 வீதத்தில் ஒரு பகுதி வெறும் வகுத்தலின் குற்றம். ஆனால் ஏசி ஓகஸ்ட்டில் செத்தது வகுத்தலின் குற்றம் இல்லை, அது உண்மையான செலவு.

இதைச் சொன்னதும் முதலாளி கணக்கை முடித்துவிட்டார்: இரண்டு அறை, 21 நாள், 42 இரவு. திட்டமிட்டது 420 இரவு, விற்றது 378, சரியாக 42 குறைவு. "பார்த்தீங்களா, எல்லாம் அந்த ஏசிதான்." எண்கள் இப்படி அச்சொட்டாகப் பொருந்தினால் எனக்கு இப்போது பயம் வருகிறது, டீசலில் பட்டது போதாதா.

அறை வருமானத்தை முதலில் இரண்டாகப் பிரித்தேன். ஒரு இரவுக்குத் திட்டமிட்ட விலை 14,000, கிடைத்தது சராசரி 14,500. 42 இரவு குறைந்ததால் 588,000 போனது, விற்ற 378 இரவிலும் 500 ரூபாய் கூடக் கிடைத்ததால் 189,000 வந்தது, கழித்தால் 399,000. ஆக விலை நன்றாக இருந்தது, ஆள்தான் குறைவு, தாளில் தெரிந்த 399,000ஐவிட ஆள் குறைந்த நட்டம் பெரியது.

ஆனால் 42 இரவும் ஏசியின் தலையில் விழுமா? 18 அறை, 31 நாள், மொத்தம் 558 இரவு. மூடிய 42ஐக் கழித்தால் விற்கக் கூடியது 516. விற்றது 378. அதாவது திறந்திருந்த அறைகளிலேயே 138 இரவு காலியாகக் கிடந்திருக்கிறது. பக்கத்து அறை காலியாக இருக்கும் நாளில் இரண்டு அறையை மூடி வைத்ததால் ஒரு ஆளும் திரும்பிப் போகவில்லை. மூடியிருந்த 21 நாளில் மீதி 16 அறையும் நிரம்பிய நாள் எத்தனை என்று மனேஜரை வரவுப் புத்தகத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். ஒன்பது. ஆகவே ஏசியால் போனது அதிகபட்சம் 18 இரவு, அதுவும் அந்த ஒன்பது நாளும் இரண்டு ஆள் கூடுதலாகக் கதவைத் தட்டியிருந்தால். மீதி 24 இரவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, ஏசி என்றால் சொல்ல வசதி, 'ஆள் வரவில்லை' என்றால் ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். 24 ஐயும் பிரிக்க முன்பதிவு வந்த வழி, ரத்தானவை எல்லாம் வேண்டும், இந்தத் தாளில் அது இல்லை.

சாப்பாட்டு வருமானம் சுலபம். திட்டத்தில் ஒரு இரவுக்கு 5,000, நடந்ததிலும் 5,000. குறைந்தது முழுக்க ஆள் குறைந்ததால்தான், தனிக் கதை இல்லை.

இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போதுதான் கை நின்றது. சாப்பாட்டு விற்பனை 10 வீதம் இறங்கியிருக்கிறது, சமையல் பொருள் கொள்வனவு ஏன் இறங்கவில்லை?

அந்த வரியைப் பாருங்கள்: திட்டம் 840,000, நடந்தது 852,600, 1.5 வீதம். எந்தக் கோட்டிலும் மாட்டாது, தாளிலேயே அமைதியான வரி அதுதான். ஆனால் 840,000 என்பது 420 இரவுக்குப் போட்ட திட்டம், ஒரு இரவுக்கு 2,000, சாப்பாட்டு விற்பனையில் 40 வீதம். நடந்தது 378 இரவு. அதற்குச் செலவாகியிருக்க வேண்டியது 756,000. அதோடு ஒப்பிட்டால் 96,600 கூட, 12.8 வீதம், என் கோட்டைத் தாண்டி நிற்கிறது. விற்பனையில் பொருளின் பங்கு 40இலிருந்து 45.1 வீதமாக ஏறியிருக்கிறது, சமையலறை நடத்தும் எவருக்கும் அந்த ஐந்து எவ்வளவு என்று தெரியும்.

ஆளோடு கூடிக் குறையும் வரிகளைத் திட்டத்தோடு நேரடியாக ஒப்பிட்டால் இதுதான் நடக்கும், கூடுதல் செலவும் குறைந்த ஆளும் ஒன்றையொன்று தின்றுவிட்டு வரி சமமாகத் தெரியும். சலவையையும் அப்படியே பார்த்தேன், தாளில் 26,040 மிச்சம், ஒரு இரவுக்கு 800 ரூபாய்ப்படி 378 இரவுக்குப் போட்டால் 302,400, ஆக உண்மையில் 7,560 கூட. சின்னத் தொகை, விட்டுவிட்டேன். தரகு இரண்டு பக்கமும் அறை வருமானத்தில் சரியாக 9 வீதம், அங்கே ஒன்றும் இல்லை. சம்பளம் ஆளோடு இறங்குவதில்லை, அதை இப்படி மாற்றக் கூடாது, மாற்றினால் இல்லாத குற்றம் தெரியும்.

இந்த 96,600ஐத் தேடியதில் ஞாயிறு முழுக்கப் போனது. அறிக்கையில் இருப்பது வாங்கியது, சமைத்தது அல்ல, அதனால் முதலில் மனேஜரைக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ரத்தான ஒரு குழுவுக்கு வாங்கிய இறாலும் இறைச்சியும் அப்படியே உறைந்து கிடந்தன, பில் விலையில் 38,000 ரூபாய். வழக்கமாக மாதக் கடைசியில் பெட்டி கிட்டத்தட்டக் காலியாகவே இருக்கும் என்பதால் இவர்கள் இருப்பு எண்ணுவதில்லை. இது செப்டெம்பரில் சமைக்கப்படும், ஓகஸ்ட்டின் செலவு இல்லை. அடுத்தது மீன். அறக்குளா கிலோ 2,400 என்று திட்டத்தில் வைத்திருந்தார்கள், கொட்பேயிலிருந்து கொண்டுவரும் வியாபாரியின் துண்டுகளில் 2,900. மாதத்துக்கு 90 கிலோ, கிலோவுக்கு 500, ஆக 45,000. கடல் அமைதியான மாதத்தில் விலை ஏன் ஏறியது என்று கேட்டேன், ஏப்ரலிலிருந்தே அந்த விலைதானாம், திட்டம் போட்டவர் முந்தின வருட விலையை எடுத்திருக்கிறார். அப்படியென்றால் மீனைக் குறை சொல்லிப் பயனில்லை, மீதி மாதங்களின் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

இரண்டும் சேர்த்து 83,000. மீதி 13,600.

ஞாயிறு காலை பேச்சுக்கு முன் முதலாளிக்கு மின்சாரத்தைத் திருத்தி அனுப்பியிருந்தேன், டீசல் பற்றிச் சொன்னது என் பிழை என்றும் எழுதினேன். இரவு இருப்பையும் சேர்த்து முழுக் கணக்கு போனது: இலாபம் 3,068,350, திட்டத்தைவிட 816,450 குறைவு, 21 வீதம். கீழே மூன்று வரி விளக்கம், அடியில் 'சமையல் பொருள் 13,600, விளக்கம் கிடைக்கவில்லை' என்று அப்படியே விட்டேன். திங்கள் காலை மூதூரிலிருந்து பிள்ளை வந்து கோப்பை அனுப்பினாள். டீசல் 131,400தான்.